கத்தாமல், இழுக்காமல் சந்தையில் ஆளை நிற்கவைப்பது

கேள்வி: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலை அப்பாவின்ரை மரக்கறிக் கடையை ரெண்டு மாசமா நான்தான் பாக்கிறன். வயசு 24. பக்கத்துக் கடைக்காரர் வாறவையைக் கை காட்டி, சத்தம் போட்டு இழுத்துப் போடுறார். எனக்கு அது வராது, பிடிக்கவும் இல்லை. பேசாமல் இருந்தால் எல்லாரும் கடந்து போயிடுகினம். போறவையை உண்மையா, மரியாதையா நிப்பாட்டுறதுக்கு எப்பிடிக் கதைக்க வேணும்?

பதில்: என்ன சொல்வது என்பதற்கு முன்னால் எப்போது சொல்வது என்பதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் புதிதாகக் கடைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பிழைவிடுவது அங்கேதான். சந்தைக்குள் ஆட்கள் மெல்ல நடந்தாலும், இரண்டு மீற்றர் நீளமான ஒரு கடையைக் கடக்க மூன்று நான்கு விநாடிதான் எடுக்கும். உங்கள் பொருளுக்கு நேரே வந்தபிறகு வாய் திறந்தால், நீங்கள் சொல்லி முடிக்கும்போது அவர் அடுத்த கடைக்கு முன்னால் நிற்பார். பிறகு அவர் திரும்ப வேண்டும், திரும்பினால் வாங்கத்தான் வேண்டுமோ என்று நினைப்பார். அதனால் திரும்பமாட்டார். முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவது இழுப்பதாகத்தான் படும், எவ்வளவு மெல்லிய குரலில் கூப்பிட்டாலும். ஆள் உங்கள் கடையின் முதல் மூலைக்கு மூன்று, நான்கு எட்டு தூரத்தில் வரும்போது நிமிர்ந்து பாருங்கள். அவர் கண் மரக்கறிப் பக்கம் விழுந்தால் அந்தக் கணத்தில் பேசுங்கள். கண் தூரத்தில் எங்கோ நிலைத்திருந்தால், கையில் ஃபோன் இருந்தால், நடையில் அவசரம் தெரிந்தால், ஒரு தலையசைப்போடு விட்டுவிடுங்கள். அந்தத் தலையசைப்பு அன்றைக்குப் பலன் தராது. ஆனால் அவர் அதே வழியால்தான் நாளைக்கும் வருவார்.

அந்த மூன்று விநாடிக்குள் ஒரு சிறிய வசனம்தான் அடங்கும். அதில் மூன்று துண்டு இருந்தால் போதும்: ஆளுக்கு உரிய முறை, ஒரே ஒரு மரக்கறியின் பேர், அந்த மரக்கறியைப் பற்றி அவருக்குப் பார்த்தவுடன் தெரியாத ஒரு உண்மை. "அக்கா, கத்தரிக்காய் இண்டைக்கு விடிய ஆஞ்சது, உரும்பிராய்த் தோட்டம்." அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு வாயை மூட வேண்டும். அந்த மௌனம்தான் புதியவர்களுக்கு மிகவும் கஷ்டம். பதில் வராத இரண்டு விநாடியை நிரப்பத் தவித்து, "வெண்டிக்காய் இருக்கு, பயித்தங்காய் இருக்கு, தக்காளி இருக்கு, என்ன அக்கா வேணும், வாங்கோ வாங்கோ" என்று அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். கேட்கிறவர் காதில் அது எல்லாக் கடையிலும் கேட்கும் அதே இரைச்சலாகப் போய்விடும். ஒரு பொருளைச் சொன்னால் மனம் அந்தப் பொருளில் ஒரு கணம் நிற்கும், கால் தன்பாட்டில் மெதுவாகும். ஆறு பொருளைச் சொன்னால் எதிலும் நிற்காது.

"என்ன வேணும்?" என்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் இயல்பாகக் கேட்பது அதைத்தான். நின்றுவிட்டவரிடம் கேட்டால் அது நல்ல கேள்வி. நடந்து வருகிறவரிடம் கேட்டால் கெட்ட கேள்வி. அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. பாதிப் பேர் சந்தையை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எதைச் சமைப்பது என்றே தீர்மானிப்பார்கள். அந்த நிலையில் கேள்வி கேட்டால் அவருக்குச் சொல்லக்கூடிய சுலபமான பதில் "ஒண்டும் வேண்டாம்" என்பதுதான். ஒருதரம் வாயால் வேண்டாம் என்று சொன்னவர், பிறகு உங்கள் கத்தரிக்காய் நல்லாய் இருக்கக் கண்டாலும் திரும்பி வரக் கூச்சப்படுவார். "வாங்கோ, பாருங்கோ" என்பதும் அப்படித்தான், ஆனால் அவ்வளவு மோசமில்லை. வேண்டாம் என்று சொல்லவைக்காத வசனம்தான் நடப்பவருக்கு ஏற்ற வசனம். விடிய ஆய்ந்த கத்தரிக்காய் என்று ஒருவர் சொன்னால் அதற்கு மறுப்புச் சொல்லத் தேவையில்லை. கேட்டுக்கொண்டே போகலாம், திரும்பியும் வரலாம்.

முறை சொல்வதில் உங்கள் வயது உங்களுக்கு வசதி. 24 வயதுப் பொடியன் வாயால் "அக்கா" என்பது 25 வயதிலிருந்து 50 வரை யாருக்கும் உறுத்தாது. சந்தேகம் வந்தால் வயதைக் குறைத்தே பிடியுங்கள். 45 வயதுக்காரரை "அம்மா" என்று கூப்பிட்டால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் முகம் ஒரு கணம் சுருங்குவதைப் பார்ப்பீர்கள். நரைத்தவர்களுக்கு "அம்மா", "ஐயா" சரி. "ஆச்சி", "அப்பு" எல்லாம் ஊருக்குள் தெரிந்தவர்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், சந்தையில் முன்பின் தெரியாதவருக்கு வேண்டாம். ஆண்களுக்கு "அண்ணை" பொது. உங்களிலும் இளையவர்களுக்கு "தம்பி", "தங்கச்சி". திருநெல்வேலி என்றபடியால் பல்கலைக்கழகப் பிள்ளைகள் நிறைய வருவார்கள், அறை எடுத்துத் தங்கிச் சமைக்கிறவர்கள். அவர்களிடம் "சேர்", "மிஸ்" என்று போகத் தேவையில்லை. ஆனால் உண்மையாகவே ஆசிரியர் என்று தெரிந்தவரை "ரீச்சர்" என்று கூப்பிட்டால் அதைவிட நல்ல முறை இங்கே இல்லை. சில இடங்களில் "மேடம்" என்று தொடங்கியிருக்கிறார்கள். என் கருத்தில் அது மரக்கறிக் கடைக்கு ஒட்டாது, பாங்கில் நிற்கிற மாதிரி இருக்கும். ஆளுக்குப் பிடித்துப்போகும் என்று நினைத்து "அழகான அக்கா", "வடிவான தங்கச்சி" என்று சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதை ஒருபோதும் செய்ய வேண்டாம். தனியாக வரும் பெண்கள் அப்படியான கடையைச் சுற்றி மற்றப் பக்கத்தால் போவார்கள், அதை உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள்.

மூன்றாவது துண்டு, அதாவது அந்த உண்மை, விடியற்காலையிலேயே தயாராக வேண்டும். அது வாயில் திடீரென்று வராது. பொருளை இறக்கும்போது ஒவ்வொன்றைப் பற்றியும் கொண்டுவந்தவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த ஊர்த் தோட்டம், எப்போது ஆய்ந்தது? கோண்டாவில், நீர்வேலி, புன்னாலைக்கட்டுவன் என்று வலிகாமத்துச் செம்மண் ஊர்களின் பேருக்குச் சந்தையில் ஒரு மதிப்பு இருக்கிறது. தம்புள்ளயிலிருந்து லொறியில் வந்த கரட்டையும் கோவாவையும் உள்ளூர் என்று சொல்லாதீர்கள். வீட்டில் சமைக்கிறவர்கள் கரட்டின் தோலையும் மண்ணின் நிறத்தையும் பார்த்தே கண்டுபிடிப்பார்கள். அதற்கும் சொல்ல உண்மை இருக்கிறது: "லொறி இரவு வந்தது, இப்பதான் மூட்டை பிரிச்சனான்." பிறகு ஒவ்வொரு குவியலிலும் ஒன்றை நீங்களே எடுத்துச் சோதித்துப் பாருங்கள். வெண்டிக்காயின் நுனி சட்டென்று முறிந்தால் இளசு, வளைந்தால் முற்றல். கத்தரிக்காயின் காம்பும் தொப்பியும் பச்சையாய், தோல் மினுக்கமாய் இருந்தால் புதிது. காம்பு காய்ந்து மண்ணிறமானால், வெளியில் நல்லாய் இருந்தாலும் உள்ளே விதை கறுக்கத் தொடங்கியிருக்கும். பயித்தங்காயில் விதை புடைத்துத் தெரிந்தால் அது கறிக்கு முற்றல், அதைக் கூழுக்கு என்று சொல்லி விற்கலாம். சோதித்ததைத்தான் சொல்ல வேண்டும். "இளசு" என்று நீங்கள் சொல்ல, அவர் கையில் எடுத்த முதல் வெண்டிக்காய் வளைந்தால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் எடுபடாது.

நேற்றையான் எல்லாக் கடையிலும் இருக்கும், அது வெட்கமில்லை. அதைப் புதியதோடு கலந்து கீழே தள்ளி வைப்பதுதான் வெட்கம். ஒரு ஓரமாகத் தனிக் குவியல் போட்டு, விலையைக் குறைத்து, கேட்காமலே சொல்லுங்கள்: "இது நேற்றையான் அக்கா, இண்டைக்கே சமைக்கிறதெண்டால் எடுக்கலாம்." இப்படி ஒரு குவியல் கண்ணுக்குத் தெரிந்தால்தான் மற்றக் குவியல் இன்றையது என்பதை ஆட்கள் நம்புவார்கள். தண்ணீர் தெளிப்பதிலும் கவனம். கீரைக்கு ஈரச்சாக்குப் போட்டு, இடைக்கிடை கையால் தெளித்தால் போதும். வெண்டிக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் வாளியால் ஊற்றினால் பார்வைக்குப் புதிதாய் மினுங்கும், ஆனால் வெண்டிக்காய் பின்னேரத்துக்குள் வழுவழுத்துக் கறுப்புப் புள்ளி விழும். நிறுக்கும்போது தண்ணீருக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறீர்கள் என்பதும் கொட்டுகிற துளியைப் பார்த்தே வாங்குகிறவருக்குத் தெரியும்.

எந்தப் பொருளைச் சொல்வது என்பதற்கு வருகிறவரின் பையைப் பார்க்கலாம். பார்ப்பது ஒரு கணம், உற்றுப் பார்ப்பதல்ல. மீன் பை தொங்கினால் அவர் வீட்டில் இன்றைக்குச் சொதியோ குழம்போ நடக்கும். அவருக்குப் பூசணிக்காயைச் சொல்லிப் பயனில்லை, தேசிக்காய், பச்சை மிளகாய், கறிவேப்பிலையைச் சொல்லலாம். பையில் மரக்கறி நிறைந்திருந்தால் அவர் சந்தை முடித்துத் திரும்புகிறார். அவருக்குச் சின்னதாக ஒன்று, ஒரு பிடி வல்லாரை மாதிரி, பாரமும் செலவும் இல்லாதது. ஆனால் பையில் இருப்பதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. "அங்கை எவ்வளவுக்கு வாங்கினியள்?" என்பது அவரையும் அந்தக் கடைக்காரரையும் சேர்த்துக் குறைசொல்வது. கிழமையும் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை பெரும்பாலான சைவ வீடுகளில் மரக்கறிதான். அன்றைக்கு ஒரு வீட்டுக்கு மூன்று, நான்கு வகை வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், கந்தசஷ்டியின் ஆறு நாளும் அப்படியே. அந்த நாட்களில் "அக்கா, வாழைக்காய் பொரியலுக்கு நல்ல பதம்" என்பது பொருளை விற்பதோடு, அவர் மனதில் ஓடுகிற கணக்கில் ஒரு கறியைக் குறைத்துக் கொடுக்கும். மற்ற நாட்களில் சமையல் பேரைச் சேர்ப்பது தேவையில்லை. 30 வருடம் சமைத்தவருக்கு முருங்கைக்காயில் என்ன வைப்பது என்று நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

இதை ஒரு ஆளோடு வைத்துப் பார்ப்போம். சனிக்கிழமை காலை எட்டு மணி. பலாலி வீதிப் பக்கத்து வாசலால் ஆட்கள் வருகிறார்கள், அவர்கள் முதலில் காண்பது உங்கள் கடையின் இடது மூலை என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் இன்றைக்கு நீங்கள் வாயால் சொல்லப்போகும் பொருள், கத்தரிக்காய், அந்த மூலையில் முன்வரிசையில் இருக்க வேண்டும். அதுவும் திருநெல்வேலிக் கத்தரி என்று ஊரின் பேரையே எடுத்த ஊதா இனம் கிடைத்தால், நிறமே பாதி வேலையைச் செய்யும். பலர் செய்யும் பிழை, சொல்லும் பொருள் நடுவில் அல்லது பின்னால் கிடப்பது. காதில் கத்தரிக்காய் விழும், கண் தேடினால் பூசணிக்காய் தெரியும், ஆள் போய்விடுவார். நீங்கள் நின்றுகொண்டு கையைக் கட்டி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கையில் வேலை இருக்கட்டும், காய்ந்த காம்பைக் கிள்ளுவது, குவியலைத் திருத்துவது, கீரையின் பழுத்த இலையை ஆய்வது. வேலை செய்கிற கை காத்திருக்கிற கையைவிட ஆளைக் குறைவாகப் பயப்படுத்தும், பொருளும் திருத்தமாகும்.

நாற்பதைத் தாண்டிய ஒருவர் வருகிறார், கையில் துணிப்பை, பாதி வெறுமை. நான்கு எட்டு இருக்கும்போது நிமிர்கிறீர்கள். அவர் கண் ஊதாக் குவியலில் படுகிறது. "அக்கா, கத்தரிக்காய் விடிய ஆஞ்சது, உரும்பிராய்." திரும்பக் குனிந்து உங்கள் வேலையைச் செய்கிறீர்கள். முழுக்கக் குனியாமல், அவர் கேட்டால் கேட்கிற அளவுக்கு. இப்போது நான்கில் ஒன்று நடக்கும். கேட்காத மாதிரிப் போய்விடலாம், அதற்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. நடையைக் குறைத்துப் பார்த்துக்கொண்டு போகலாம், அதற்கும் ஒன்றும் செய்யாதீர்கள், ஏனென்றால் சுற்றிவிட்டு வருகிறவர்கள் இவர்கள்தான். நின்று ஒரு காயைக் கையில் எடுக்கலாம். அல்லது நடந்தபடியே "என்ன விலை?" என்று கேட்கலாம்.

காயைக் கையில் எடுத்தவரிடம் உடனே பையை நீட்டாதீர்கள், "எத்தினை கிலோ?" என்றும் கேட்காதீர்கள். அது அவர் கையைப் பிடித்து இழுப்பதற்குச் சமம். அவர் இரண்டாவது காயை எடுக்கும்வரை பொறுங்கள். இரண்டாவதை எடுத்தால் அவர் தெரிவுசெய்யத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம், அப்போது ஒரு சின்னத் தட்டை அல்லது கடகத்தை அவர் பக்கமாகத் தள்ளி வையுங்கள். பிறகு கேட்கலாம், "அரைக் கிலோவே அக்கா, கால் கிலோவே?" சிறிய அளவையும் நீங்களே சொல்வது முக்கியம். தனியாக இருக்கிற முதியவர்களும் மாணவர்களும் 250 கிராம் கேட்கக் கூச்சப்பட்டு நிற்காமலே போவார்கள்.

விலையைக் கேட்டவருக்கு அளவோடு சேர்த்து, உடனே, ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். உதாரணத்துக்குக் கிலோ 320 ரூபாய் என்றால், "கிலோ 320, கால் கிலோ 80." "வாங்கோ அக்கா, பாத்துப் போடலாம்" என்று சுற்றினால் விலை கூட என்றுதான் நினைப்பார். நேர்மையானவர்கள்கூட இங்கே தடுமாறுவார்கள், விலையைச் சொன்னால் போய்விடுவாரே என்று. போகிறவர் எப்படியும் போவார், ஆனால் மறைத்த விலையைப் பிறகு கேட்டுப் போகிறவர் கோபத்தோடு போவார். இதைவிட நல்லது, விலையை எழுதி வைப்பது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படியும் வியாபாரி விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும். ஒரு மட்டை அட்டையில் கிலோ விலையும் கால் கிலோ விலையும் பெரிதாக எழுதிக் குவியலில் குத்தி வைத்தால், விலை கேட்கக் கூச்சப்படுகிறவருக்கு நீங்கள் வாய் திறக்காமலே வரவேற்புச் சொன்ன மாதிரி. உங்களைப் போல் அதிகம் கதைக்காதவருக்கு அந்த அட்டை பாதி வேலையைச் செய்யும்.

"320" என்றதும் அவர் நடக்கத் தொடங்கினால், "சரி அக்கா, பாத்திட்டு வாங்கோ" என்று சொல்லுங்கள், சொல்லும்போது முகம் மாறக் கூடாது. முதுகுக்குப் பின்னால் "300க்குத் தாறன்" என்று விலையை இறக்காதீர்கள். அப்படிச் செய்தால் 320 பொய் விலை என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள், அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறவர் ஐந்து நிமிடத்துக்கு முன் 320க்கு வாங்கியவராக இருக்கலாம். விலை குறைப்பதற்குக் கண்ணுக்குத் தெரிகிற காரணம் இருக்க வேண்டும்: நேற்றையான் குவியல், இரண்டு கிலோவுக்கு மேல் எடுப்பது, சந்தை கலையும் நேரம். "கொஞ்சம் குறைச்சுத் தாங்கோ" என்று கேட்கிறவருக்கு விலையை விட்டுக்கொடுக்காமல் ஒரு பிடி கறிவேப்பிலையை, இரண்டு பச்சை மிளகாயைச் சேர்த்துப் போடுவது இங்கே பழகிய வழக்கம், அது போதும். அவர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தால் "பாத்தியளே, வேறை எங்கையும் கிடைக்காது" என்று வென்ற மாதிரிக் கதைக்க வேண்டாம். முதல்தரம் கண்ட அதே முகத்தோடு "வாங்கோ அக்கா" என்றால் போதும்.

நிறுக்கும்போது தராசின் முகம் அவர் பக்கம் இருக்கட்டும், முத்திரை குத்திய தராசாக இருக்கட்டும். போடுவதற்கு முன் பூச்சியம் காட்டுகிறதா என்று அவரும் பார்க்கிற மாதிரி ஒரு கணம் விடுங்கள். அவர் தெரிந்தெடுத்த காய்களில் ஒன்று ஓட்டையாய், புழு குத்தியதாய் இருந்தால் நீங்களே எடுத்து ஒதுக்கி வேறொன்றைப் போடுங்கள், ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அடுத்த சனிக்கிழமை நான்கு எட்டுத் தூரத்தில் நீங்கள் நிமிரும்போது அவர் முதலே உங்களைப் பார்ப்பார் என்றால், அதற்கு இந்த ஒரு காய்தான் காரணமாக இருக்கும்.

பக்கத்துக் கடைக்காரர் விஷயத்தில் ஒரு எல்லையைக் கடக்காதீர்கள். அவர் கடைக்கு முன்னால் நின்று பொருளைக் கையில் வைத்திருப்பவரை நீங்கள் கூப்பிடக் கூடாது, கண்ணாலும் கூப்பிடக் கூடாது. அவர் உங்கள் ஆட்களை அப்படிக் கூப்பிட்டால்கூட. சந்தையில் சில்லறை மாற்றுவதற்கும், சாப்பிடப் போகும்போது கடையைப் பார்ப்பதற்கும் அவர்தான் வேண்டும். அவருடைய சத்தத்தோடு சத்தத்தால் போட்டி போட்டால் நீங்கள் தோற்பீர்கள், உங்கள் தொண்டை அதற்குப் பழகியதில்லை. அவர் கூவுகிற பொருளை நீங்கள் அன்றைக்குச் சொல்லாதீர்கள். அவர் தக்காளியைக் கூவினால் நீங்கள் கீரையைச் சொல்லுங்கள். அவர் சத்தத்தைக் கேட்டு அந்தப் பக்கம் வருகிறவர்கள் உங்கள் முன்னாலும்தான் நடக்க வேண்டும்.

கூவுவதையே கெட்டது என்று ஒதுக்க வேண்டியதும் இல்லை. மதியத்துக்குச் சற்று முன், பொருள் மிஞ்சிக் கிடக்கும்போது, "கீரை பிடி அம்பது, கீரை பிடி அம்பது" என்று யாரையும் பார்க்காமல் விலையை மட்டும் சொல்வது பொதுச் செய்தி, அது யாரையும் இழுப்பதில்லை. கேட்டவர் வரலாம், வராமல் விடலாம். ஒரு ஆளைக் கண்ணால் பிடித்துக்கொண்டு கூவுவதும், வழியை மறித்துக் கையை நீட்டுவதும், கேட்காமலே பைக்குள் போடுவதும்தான் இழுப்பு. உங்களுக்குப் பிடிக்காதது அதுதான் என்று நினைக்கிறேன். இந்த முறைக்கும் ஒரு எல்லை உண்டு: அன்றைக்கு உங்கள் பொருள் பழசாக இருந்தால், அல்லது சந்தை விலையைவிடக் கூட வைத்திருந்தால், எந்த வசனமும் உதவாது. மழை நாளில் ஆட்கள் கூரையின் கீழ் அவசரமாக நடக்கும்போதும் வசனத்தைவிட விலை அட்டைதான் வேலை செய்யும்.

ஒரு கிழமைக்கு இதைச் செய்துபார்த்து, ஒரு அட்டையில் கோடு கீறுங்கள்: நின்றவர் எத்தனை, அவர்களில் வாங்கினவர் எத்தனை. ஆட்கள் நிற்கவே இல்லை என்றால் பிழை முன்வரிசையில் அல்லது நேரத்தில், நீங்கள் பிந்திப் பேசுகிறீர்கள். நிற்கிறார்கள், கையில் எடுக்கிறார்கள், வைத்துவிட்டுப் போகிறார்கள் என்றால் வசனத்தை மாற்றாதீர்கள், குவியலையும் விலையையும் பாருங்கள். வாங்குகிறார்கள், ஆனால் இரண்டாம் கிழமை அந்த முகங்களைக் காணவில்லை என்றால், அவர்கள் வீட்டில் பையைக் கொட்டியபோது அடியில் ஏதோ இருந்திருக்கிறது. அன்றைக்குப் பின்னேரம், நீங்கள் விற்ற அதே குவியலிலிருந்து அரைக் கிலோவை உங்கள் வீட்டுக்கும் கொண்டுபோய் வெட்டிப் பாருங்கள்.